மஞ்சள் வெளியேறும் வழி

முடிச்சூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய ஒரு பாட்டி, பேரனைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் நான் அக்காலத்தில் பணி செய்துவந்த பிரசவ விடுதியின் படியேறி, "பையன் ரொம்ப சமத்து சிஸ்டர், அழவே மாட்டேங்கறான், எழுப்பினாத்தான் பால் குடிக்கறான், இந்த மஞ்சள் மட்டுந்தான் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது" என்று சொன்னாள். பின்னாளில் நான் செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த வருஷங்களிலெல்லாம், சிசுக்களின் மஞ்சள் காமாலையைப் பற்றிய பாடத்தை இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதித்தான் ஆரம்பிப்பேன். பாட்டி சந்தோஷமாகச் சொன்ன "சமத்து" என்ற சொல்லுக்குள்தான் வியாதி ஒளிந்திருந்தது. பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை அழாமல், தானாக விழிக்காமல், எழுப்பினால் மட்டும் பால் குடிக்கிறதென்றால் அதைச் சமத்து என்று நாம் எழுதிக்கொள்ளலாகாது. சோர்வு என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வேறோர் இடத்தில், 38 வாரம் நிறைந்து, சுகப்பிரசவத்தில், 2.9 கிலோ எடையுடன் பிறந்த தலைச்சன் குழந்தை அது. இரண்டு நாள் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போதே முகத்தில் லேசாக மஞ்சள் தெரிந்திருக்கிறது. யாரும் அளந்து பார்க்கவில்லை. எங்களிடம் வந்தபோது அதன் வயது 76 மணி நேரம். நாளென்று சொல்லாமல் மணி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். எடை 2.6 கிலோ. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. முந்தின பகல் முழுவதும் இரண்டே துணிதான் நனைந்ததாம். நான்காம் நாளை நெருங்கியும் மலம் இன்னும் தார் போலக் கறுப்பாகவே இருந்தது.

இந்தக் கறுப்பு மலத்தைப் பற்றி ஏன் இத்தனை கவலைப்பட்டேன் என்பதை விளங்கிக்கொண்டால், மஞ்சளின் காரணம் முழுவதும் விளங்கிவிடும். கருப்பையில் பிராணவாயு குறைவாகக் கிடைக்கும் சூழ்நிலையை ஈடுகட்டச் சிசு ஏராளமான சிவப்பணுக்களோடு பிறக்கிறது. அந்த அணுக்களின் ஆயுளும் நம்முடையவற்றைவிடக் குறைவு. அவை உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அது நீரில் கரையாது. கல்லீரல் அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிப் பித்தத்தோடு குடலில் விட்டால்தான் மலத்தோடு வெளியேறும். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்கிற நொதி பிறந்த குழந்தையிடம் மிகச் சொற்பமாகவே வேலை செய்கிறது. ஆக, சுமை அதிகம், சுமப்பவன் சிறுவன். இதனோடு மூன்றாவதாக ஒரு சங்கதியும் சேர்கிறது. குடலுக்குள் போய்ச் சேர்ந்த பிலிருபின், மலம் உடனே கழியாமல் தங்கிவிட்டால், பழைய உருவத்துக்கே திரும்பிக் குடற்சுவர் வழியாக மறுபடியும் ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அந்தக் கறுப்பு மலம் என்பது பிலிருபினை அடைத்து வைத்த மூட்டை. பால் போதாத குழந்தைக்கு மலம் கழியாது. மலம் கழியாத குழந்தைக்கு மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏறிய குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும். தூங்கும் குழந்தை பால் குடிக்காது. முடிச்சூர்க் குழந்தை இந்தச் சக்கரத்துக்குள்தான் சிக்கியிருந்தது.

நிறைமாதக் குழந்தைகளிடம் சகஜமாக வரும் மஞ்சள் முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு தோன்றி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டி, இரண்டு வாரத்துக்குள் மறையும். இதிலிருந்து ஒரு விபரீதம் புலப்படுகிறதல்லவா? நாம் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்புவது இரண்டாம் நாளில்; மஞ்சள் உச்சமடைவது அவர்கள் வீட்டில் இருக்கும் நாட்களில். ஆகவே போகும்போது அளவு பார்த்து அனுப்புவதும், ஓரிரு நாளில் திரும்ப வரச்சொல்லித் தேதியை எழுதிக் கையில் கொடுப்பதும் உபசாரமாகச் செய்யும் காரியங்களல்ல, சிகிச்சையிலேயே சேர்ந்தவை.

குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோய், துணி முழுவதையும் அவிழ்த்து, நெற்றியிலும் மார்பிலும் முட்டியின் கீழும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் முட்டிக்குக் கீழே இறங்கியிருந்தது, உள்ளங்காலில் இல்லை. முகத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி இறங்கும் இந்தச் சுபாவத்தை 1969-இல் கிராமர் என்ற வைத்தியர் அளவுகளோடு பொருத்திக் காட்டினார். இன்றும் அதைப் படிக்கிறீர்கள், படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நம் குழந்தைகளின் மாநிறத்தில் கண் ஏமாறும். குழல்விளக்கின் கீழே ஏமாறும். மஞ்சள் பூசிக் குளித்த தாயின் தோளில் சாய்ந்திருந்த கன்னத்தைப் பார்த்து இரு திசையிலும் ஏமாந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாக இருந்தால் அளவு மிக அதிகம் என்று கொள்ளலாம். அவை வெளுத்திருக்கின்றன என்பதால் பயமில்லை என்று ஒருபோதும் கொள்ளலாகாது. சந்தேகம் எழுப்புவது கண்ணின் வேலை. அளவு சொல்வது கருவியின் வேலை.

ரத்தத்தில் பிலிருபின் 19.4 மில்லிகிராம் இருந்தது. இது அதிகமா, சொற்பமா? வயதை மணியில் சொல்லாமல் இதற்கு விடையில்லை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டியின் வரைபடத்தில், 38 வாரம் நிறைந்த குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை தொடங்க வேண்டிய கோடு, 24 மணியில் சுமார் 11.7, 48 மணியில் 14.6, 72 மணியில் 17.5, 96 மணியில் 20.5 என்று ஏறிக்கொண்டே போகிறது. 76-ஆம் மணிக்குக் கோடு ஏறக்குறைய 18. எங்கள் குழந்தை கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ரத்தம் மாற்ற வேண்டிய கோடான 26.3-க்கு இன்னும் தூரம் இருந்தது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் வரைபடம் வேறு எண்களைச் சொல்லும். உங்கள் வார்டில் எந்த வரைபடம் தொங்குகிறதோ அதை மட்டுமே பின்பற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்குக் கோடு இன்னும் தாழ்வாக இருக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

"காலை வெயில்ல காட்டினோமே சிஸ்டர், அதுல போயிடும்னாங்களே" என்று பாட்டி கேட்டாள். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு என்றுமே மனம் வந்ததில்லை. ஏனெனில் ஒளிச்சிகிச்சையே வெயிலில் பிறந்ததுதான், அதுவும் ஒரு செவிலியின் கண்ணில். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு மருத்துவமனையில், சிஸ்டர் வார்டு என்ற அம்மையார், குறைமாதக் குழந்தைகளை வெயில் நாட்களில் முற்றத்துக்குக் கொண்டுபோகும் வழக்கமுடையவர். 1956-ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் அவர் வைத்தியர்களிடம் ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. மருந்து ஏதேனும் பூசினீர்களா என்று கேட்டார்களாம். அந்த இடத்தைத் துணியின் மடிப்பு மூடியிருந்தது; மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு வெளுத்துவிட்டது. அதே இடத்தில் வேறொரு சம்பவமும் நிகழ்ந்தது: மஞ்சள் குழந்தையிடம் எடுத்த ரத்தம் இருந்த சோதனைக்குழாய் ஒன்று ஜன்னலோர வெயிலில் சில மணி நேரம் கிடந்துவிட, அதில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்து யோசித்த அங்கிருந்த வைத்தியர் கிரீமரும் அவருடைய சகாக்களும் நீலக் குழல்விளக்குத் தொட்டிலைச் செய்து, 1958-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்.

இந்தக் கதையை நான் சொல்வது சரித்திர ருசிக்காக மட்டுமன்று. வார்டில் நீங்கள் செய்யவேண்டிய காரியங்கள் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கின்றன. துணி மூடிய இடம் வெளுக்கவில்லை. ஆகவே குல்லா, கையுறை, காலுறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அரைத்துணியைச் சிறியதாக மடித்துக் கட்டுங்கள். குழாயிலிருந்த ரத்தமே ஒளியில் மாறிவிட்டது. ஆகவே பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு, குழாயைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி உடனே அனுப்புங்கள், இல்லாவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து வரும். தோலில் ஒளி பட்ட இடம் வெளுத்துவிடுகிறது. ஆகவே விளக்கின் கீழே இருக்கும் குழந்தையின் நிறத்தைப் பார்த்து "மஞ்சள் இறங்கிவிட்டது" என்று எழுதாதீர்கள், தோலில் வைத்து அளக்கும் கருவியும் அப்போது நம்பத்தக்கதன்று. தோலடியில் உள்ள பிலிருபினின் உருவத்தை ஒளி மாற்றி, கல்லீரலின் அந்த மந்தமான நொதியின் உதவி இல்லாமலேயே பித்தத்திலும் சிறுநீரிலும் கழியும்படி செய்கிறது.

பாட்டிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வெயில்லயும் அந்த மருந்து இருக்கும்மா, ஆனா எவ்வளவு இருக்குன்னு அளக்க முடியாது, கூடவே சூடும், தோலைச் சுடற கதிரும் சேர்ந்து வருது. ஜன்னல் பக்கம் கால் மணி காட்டறது போதாது. நாலு நாள் காட்டிப் பாத்துட்டு வரலாம்னு இருந்துட்டா மூளைக்கு ஆபத்து." அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் வரும் துண்டு வெயிலை நம்பிக் காத்திருந்து, தாமதமாக வந்த குழந்தைகளைத் தாம்பரத்திலும் சேலையூரிலும் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குழந்தையை விளக்கின் கீழ் வைத்தோம். 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளிதான் பயன் தருவது. அதன் செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு, 30 மைக்ரோவாட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது தீவிரச் சிகிச்சை. ஒளிமானி இருக்குமிடத்தில் அதை வைத்துக் குழந்தை படுத்திருக்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள். பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகிற விளக்கு வலுவிழந்ததாகவும் இருக்கக்கூடும். எல்.இ.டி. விளக்குக்குப் பொதுவாக ஒன்றரைச் சாண் தூரம் என்றாலும், கருவியின் கையேட்டில் சொன்ன தூரமே பிரமாணம். தூரம் கூடினால் ஒளியின் பலம் வெகுவாகக் குறையும். குழந்தைக்குக் கண் கூசுமென்று இரக்கப்பட்டு ஒரு மாணவி விளக்கை உயரே தள்ளி வைத்திருந்ததை நான் ஒருமுறை நடுநிசியில் கண்டுபிடித்தேன். அதற்கு முன் ஆறு மணி நேரத்துச் சிகிச்சை வீணாகியிருந்தது. கூச்சத்துக்குத்தான் கண்கட்டு இருக்கிறது. அது மூக்கின் மேல் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டும்போதெல்லாம் அவிழ்த்து, கண்ணைத் துடைத்து, பீளை இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும் நேரமும் அதுவே. தோலில் எண்ணெய் தடவக்கூடாது. உடல் வெப்பத்தை மூன்று நான்கு மணிக்கொருமுறை குறியுங்கள். நம்மூர்ச் சித்திரை மாதத்தில் சூடும், குளிர்சாதன அறையில் குளிரும் ஒருசேர வரக்கூடியவை.

விளக்கை எரியவிட்டதும் சிகிச்சை தானே நடந்துகொண்டிருக்கும் என்று மாணவியர் பலர் எண்ணுகிறார்கள். இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. ஒளி பிலிருபினை மாற்றித்தான் தருகிறது; அதை வெளியே கொண்டுபோவது பால். ஒளியில் மாறிய பிலிருபினும் பித்தத்தின் வழியே குடலில்தான் வந்து விழுகிறது. அங்கே கழியாமல் தங்கினால் மறுபடி ஏறும். ஆகவே முடிச்சூர்க் குழந்தையின் தாயை வேறு வார்டுக்கு அனுப்பாமல் விளக்கின் பக்கத்திலேயே கட்டில் போட்டு அமர்த்தினோம். இரண்டரை மணிக்கு மேல் இடைவெளி விடாமல், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை மார்பில் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் விளக்கை விட்டு வெளியே எடுக்கலாம். அளவு ரத்தம் மாற்றும் கோட்டை நெருங்கியிருந்தால் மட்டும் அதற்கும் இடமில்லை.

மார்பில் போட்டதும் கோளாறு தெரிந்தது. காம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தூங்கிப்போனான். விழுங்கும் ஓசையே கேட்கவில்லை. தாயின் மார்போ கட்டி வலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் பால் இல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் கழுதையோடு வந்தவனிடம் ஒரு சங்குப் பாலும் வாங்கிப் புகட்டியிருக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பும், மஞ்சளை இறக்காது. பாலுக்குரிய பசியையும் கெடுத்துவிடும். காய்ச்சாத கழுதைப்பாலில் கிருமி வரும். இவற்றை நான் கோபமாகச் சொல்லவில்லை. பேரனுக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில்தான் அந்தக் குடும்பம் செய்தது. குழந்தையின் வாய் அகலத் திறந்தபின், கருவட்டத்தின் அடிப்பகுதியும் வாய்க்குள் போகும்படி பிடிக்கவைத்தோம். அப்படியும் அவன் சோர்ந்துவிட்ட தடவைகளில், தாய் கையால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். எடை இவ்வளவு இழந்திருந்ததால், முதல் நாள் அவளுடைய பால் போதாத இடத்தில் வைத்தியர் சொன்ன அளவுக்குப் புட்டிமாவுப் பாலும் பாலாடையில்தான் கொடுத்தோம். மறுநாள் அது தேவைப்படவில்லை. விளக்கின் கீழ் இருப்பதாலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் தண்ணீரோ சிரைவழித் திரவமோ வேண்டியதில்லை.

ஐந்து மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 19.0. இது குறைந்ததே போதாது என்று கலங்கக்கூடாது. ஏறிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்பதே அப்போதைய செய்தி. இரவில் மலம் பச்சையாக இளகிப் போயிற்று. தாய் வயிற்றுப்போக்கு என்று பயந்தாள். மஞ்சள் போகும் நிறம் அதுதான் என்று சொல்லி, துணிகளை எண்ணி எழுதினோம். 92-ஆம் மணியில் 16.1. 104-ஆம் மணியில் 13.6. தொடங்கும் கோட்டுக்கு 3 மில்லிகிராம் கீழே வந்தால் நிறுத்தலாம் என்பது எங்கள் வரைபடத்தின் விதி. அதைவிடவும் கீழேயே வந்துவிட்டதால் விளக்கை அணைத்தோம். அணைத்த 14 மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்ததில் 14.2. விளக்கை எடுத்ததும் சற்று ஏறுவது இயல்பு. அது எவ்வளவு ஏறியது என்று பாராமல் அனுப்புவது பிழை.

எல்லாக் குழந்தைகளும் இப்படி நல்லபடியாகத் திரும்புவதில்லை. பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னோர் ஆண்குழந்தைக்குத் தாயின் ரத்தவகை, குழந்தையின் ரத்தவகை எல்லாம் பொருத்தமாகவே இருந்தன. பாலும் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விளக்கின் கீழேயே அளவு ஏறிற்று, ஹீமோகுளோபின் இறங்கிற்று. அருகில் குனிந்தபோது துணியில் ஒரு நெடி வந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதென்று பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழந்துணிகளில், பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போட்டிருந்தார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, நாஃப்தலீனால் ஆன அந்த உருண்டையின் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதும். துணிகளை அகற்றினோம், மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம், அங்கே ரத்தம் மாற்றினார்கள். அன்றுமுதல் மஞ்சளோடு வரும் எந்தக் குழந்தையின் துணியையும் நான் முகர்ந்து பார்க்காமல் விட்டதில்லை. தாய் ஓ வகையும் குழந்தை ஏ அல்லது பி வகையுமாக இருத்தல், தாய் ஆர்.எச். நெகட்டிவாக இருத்தல், தலையில் ரத்தம் கட்டிய வீக்கம், முன்பிறந்த குழந்தைக்கு விளக்கு வைத்த கதை, இவற்றைக் கேட்டு எழுதுவதும் இதே ஜாக்கிரதையைச் சேர்ந்தது.

எப்போது வைத்தியரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அது லேசாக இருந்தாலும், இரவு இரண்டு மணியாக இருந்தாலும், உடனே. அது எப்போதும் வியாதியே, அநேகமாகச் சிவப்பணு சிதைவு. முதல் நாளில் மணிக்கு 0.3 மில்லிகிராமும், அதன் பிறகு 0.2 மில்லிகிராமும் வீதம் ஏறினாலும் சிதைவைச் சந்தேகிக்க வேண்டும். நல்ல விளக்கின் கீழேயும் ஏறினாலும், ரத்தம் மாற்றும் கோட்டுக்கு 2 மில்லிகிராம் அருகே வந்தாலும் காத்திருக்கலாகாது. காய்ச்சலோ, உடம்பு சில்லிடுதலோ, மூச்சு நிற்பதோ கண்டால் கிருமித்தொற்றை நினையுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாகக் குழந்தையின் நடத்தையைப் பாருங்கள். முதலில் துவண்டு தூங்கும், உறிஞ்சுதல் தளரும். பிறகு கீச்சென்று உச்சஸ்தாயியில் அழும், உடல் விறைக்கும், கழுத்தும் முதுகும் வில்லாகப் பின்னுக்கு வளையும். இந்த இரண்டாம் கட்டம் கண்டால் பிலிருபின் மூளையைத் தொட்டுவிட்டது. அளவு எதுவாயினும் ரத்தம் மாற்றும் வசதியுள்ள இடத்துக்கு அந்தக் கணமே போக வேண்டும். தாமதித்தால் மிஞ்சுவது செவிப்புலன் இழப்பும், கைகால் தன்வசமின்றி முறுக்கிக்கொள்ளும் வாழ்நாள் ஊனமும்.

எங்கள் புறநகரில் அப்படிப்பட்ட குழந்தையைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்பவேண்டிவரும். ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நெரிசலை நாமறிவோம். ஆகவே 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை விளக்கை அணைக்காதீர்கள். அந்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். "குழந்தை ரொம்ப மஞ்சளாக இருக்கிறது" என்று சொன்னால் அங்கே ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். எத்தனை வாரக் குழந்தை, எத்தனை மணி வயது, எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்ன, அதற்கு முந்தின அளவு என்ன, தாய் சேய் ரத்தவகைகள் எவை, பால் குடிக்கிறதா, விறைப்பு உண்டா என்று இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள். ரத்தவங்கிக்கு அந்த நிமிஷமே ஆள் போகும். தாயின் ரத்த மாதிரி ஒன்றும், தாயும், குழந்தையோடு போகட்டும். வழியில் குழந்தை குளிராமலும் பசியாமலும் இருக்கட்டும்.

முடிச்சூர்த் தாய்க்கு விடைகொடுக்கும்போது இன்னொரு தேதியும் எழுதிக் கொடுத்தேன். பிறந்து 14 நாளுக்கு மேலும் மஞ்சள் நீடிக்கிறதென்றால், தாய்ப்பாலால் நீடிக்கும் தீங்கற்ற மஞ்சளாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆனால் மலம் சுண்ணாம்பு போல வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால், பித்தநாளம் அடைபட்ட குழந்தையாக இருக்கக்கூடும். அதற்குரிய அறுவை சிகிச்சை இரண்டு மாதம் நிறைவதற்குள் நடந்தால்தான் நல்ல பயன். பதினைந்தாம் நாள் காலை அவர்கள் வந்தார்கள். குழந்தையின் எடை 3.1 கிலோ. கண்ணின் வெள்ளையில் மட்டும் மஞ்சளின் சாயல் மிச்சமிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே பாட்டி, கையோடு கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அன்று காலை நனைந்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். அரைத்த கடுகு போல நல்ல மஞ்சள் மலம். சுற்றிலும் நிறமற்று உலர்ந்த சிறுநீரின் ஈரம். தொட்டிலில் கிடந்த பேரன் பசியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.